பயிற்சிக்கூடத்துக்கு என்ன பெயர் வைக்கலாம்?

அனகாபுத்தூரில் ஒரு வாலிபர் போட்டித் தேர்வுப் பயிற்சிக்கூடம் ஒன்று ஆரம்பிக்கப் போகிறார். இடம் பார்த்தாயிற்று. கடைத்தெருவுக்குப் பின்னால், ஒரு வீட்டின் மாடியில், நாற்பது பேர் உட்காரக்கூடிய ஒரு கூடம். பெஞ்சுகள் வந்துவிட்டன. கரும்பலகை மாட்டியாயிற்று. பெயர்ப்பலகை எழுதுகிறவருக்கு அச்சாரமும் கொடுத்தாயிற்று. ஆனால் பலகையில் என்ன எழுதுவது என்பது மட்டும் முடிவாகவில்லை!

சென்ற வாரம் அவர் நம்மிடம் வந்தார். நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த ஒரு தாளை நீட்டினார். அதில் ஐந்து பெயர்கள் இருந்தன.

உறுதி வெற்றிப் பயிற்சி மையம். முதலிடம் அகாடமி. கலெக்டர் ஐ.ஏ.எஸ். அகாடமி. தமிழ்நாடு அரசுத் தேர்வுப் பயிற்சி நிலையம். வி.ஏ.ஓ. பயிற்சி மையம்.

“இதில் எது சார் நன்றாக இருக்கிறது? நீங்கள் பத்திரிகைக்காரர். சொல்லுங்கள்” என்றார்.

பெயர்தானே, ஏதாவது ஒன்றைச் சொல்லி அனுப்பிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் யோசிக்க யோசிக்க, விஷயம் அவ்வளவு லேசானதல்ல என்று தெரிந்தது. மளிகைக் கடைக்கு ‘லக்ஷ்மி ஸ்டோர்ஸ்’ என்று பெயர் வைக்கிறோம். அங்கே பருப்பு வாங்குகிறவர் வீட்டுக்கு லக்ஷ்மி வராவிட்டால் யாரும் கடைக்காரரைக் கேட்பதில்லை. ஆனால் ஒரு பயிற்சிக்கூடத்துக்கு ‘உறுதி வெற்றி’ என்று பெயர் வைத்தால், அதை நம்பி ஒரு குடும்பம் நகையை அடகு வைக்கிறது. அதுதான் வித்தியாசம்.

தேர்ச்சி வேறு, தேர்வு வேறு

நம் குடும்பங்களில் இன்னும் சரியாகப் புரியாத ஒரு சங்கதி இதில் இருக்கிறது. பள்ளிக்கூடப் பரீட்சை ஒரு மாதிரி. போட்டித் தேர்வு வேறு மாதிரி.

பத்தாம் வகுப்புப் பரீட்சையில் நூறு பேர் எழுதினால் நூறு பேரும் தேறலாம். ஒருவன் தேறுவதால் இன்னொருவன் தோற்க வேண்டும் என்பதில்லை. வாத்தியார் நன்றாகச் சொல்லிக்கொடுத்தால் தேறுகிறவர்களின் எண்ணிக்கை கூடும். ஆகவே, ‘என் வகுப்பில் எல்லோரும் தேறுவார்கள்’ என்று ஒரு நல்ல ஆசிரியர் சொன்னால், அதில் கொஞ்சம் நியாயம் உண்டு.

போட்டித் தேர்வு அப்படி அல்ல. அங்கே முதலில் நாற்காலிகளை எண்ணி வைத்துவிடுகிறார்கள். பிறகுதான் ஆட்களைக் கூப்பிடுகிறார்கள்.

2025-ம் வருஷத்து குரூப் 4 தேர்வையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் அறிவிப்பு வெளியிட்டபோது காட்டிய இடங்கள் 3,935. விண்ணப்பித்தவர்கள் சுமார் 13 லட்சத்து 89 ஆயிரம் பேர். ஜூலை 12-ந் தேதி உண்மையில் வந்து எழுதியவர்கள் சுமார் 11 லட்சத்து 48 ஆயிரம் பேர். கணக்குப் போட்டுப் பாருங்கள். எழுதியவர்களில் ஏறக்குறைய 290 பேருக்கு ஓர் இடம். இடங்களைப் பிறகு கூட்டினார்கள் என்பது வாஸ்தவம். கூட்டிய பிறகும் நூற்றுக்கணக்கானவர்களில் ஒருவருக்குத்தான் வேலை.

அந்தத் தேர்வில் 300 மதிப்பெண்கள். அதில் குறைந்தபட்சம் 90 எடுக்க வேண்டும் என்பது விதி. 90 எடுத்தவனைத் ‘தேறியவன்’ என்று சொல்லலாம். ஆனால் அவனுக்கு வேலை கிடைக்காது. அவனுக்கு மேலே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தே வேலை. இந்த இரண்டையும் குழப்பிவிடுவது மிகச் சுலபம். ‘எங்கள் மாணவர்கள் அனைவரும் தேர்ச்சி’ என்று ஒருவர் பலகை வைத்தால், அது பொய்யாக இல்லாமலும் இருக்கலாம். அதே சமயம் ஒருவருக்குக்கூட வேலை கிடைக்காமலும் இருக்கலாம்!

இன்னும் ஒன்று. தாம்பரம் முதல் குன்றத்தூர் வரை உள்ள எல்லாப் பயிற்சிக்கூடங்களும் நாளை முதல் இரண்டு மடங்கு நன்றாகச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாலும், நாற்காலி ஒன்றுகூட அதிகமாகப் போவதில்லை. ஒருவனை முன்னே தள்ளினால் இன்னொருவன் பின்னே போகிறான். இதில் ‘உறுதி’ சொல்வதற்கு எந்த ஆசிரியர் கையிலும் எதுவும் இல்லை. நாற்காலி அவருடையதல்ல. அடுத்தவர் வீட்டு நாற்காலியை நான் தருகிறேன் என்று ஒருவர் பலகை எழுதி மாட்டலாமா?

ரசீதும் விளம்பரந்தான்

“பெயர் வெறும் பெயர்தானே சார்? விளம்பரத்தில் பொய் சொன்னால் அல்லவா குற்றம்?” என்று வாலிபர் கேட்டார்.

நல்ல கேள்வி. 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ‘விளம்பரம்’ என்றால் என்ன என்று விளக்குகிறது. அச்சு, ஒலி, ஒளி மட்டுமல்ல. புகையால் எழுதிக் காட்டினாலும் விளம்பரந்தான் என்கிறது! அதோடு, அறிவிப்பு, சீட்டு, உறை, பட்டியல் ரசீது எல்லாமே விளம்பரத்தில் அடங்கும் என்கிறது. ஆகவே கட்டணம் வாங்கிக்கொண்டு கிழித்துக் கொடுக்கிற ரசீதின் தலைப்பில் ‘உறுதி வெற்றி’ என்று அச்சடித்திருந்தால், பெயர்தானே என்று சொல்லித் தப்ப முடியாது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் தடவை 10 லட்சம் ரூபாய் வரையிலும், மறுபடி செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் போடலாம். இதற்காகவே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2020-ல் ஏற்பட்டது.

அந்த ஆணையம் சும்மா இருக்கவில்லை. 2024 நவம்பரில் பயிற்சி நிலையங்களுக்கென்றே தனியாக வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. வேலை நிச்சயம், தேர்வு நிச்சயம், இடம் நிச்சயம் என்று சொல்லக் கூடாது. தேர்வான மாணவரின் படத்தைப் போட வேண்டுமானால், அவர் தேர்வான பிறகு எழுத்து மூலம் சம்மதம் வாங்க வேண்டும். சேரும்போதே கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது செல்லாது. அவர் எந்த வகுப்பில் சேர்ந்தார், அதற்குப் பணம் கட்டினாரா இல்லையா என்பதையும் படத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். இவை ஐம்பது பேருக்கு மேல் படிக்கும் நிலையங்களுக்கான விதிகள்.

நம் வாலிபரின் கூடத்தில் நாற்பது பேர்தான். “அப்படியானால் எனக்கு இல்லை!” என்று முகம் மலர்ந்தார். காலையில் நாற்பது, மாலையில் நாற்பது என்றால் கணக்கு எண்பது ஆகிவிடாதா என்று கேட்டோம். மேலும், பொதுவான நுகர்வோர் சட்டத்துக்கு அந்த ஐம்பது என்ற எல்லை கிடையாது. ஒரே ஒரு மாணவரிடம் பணம் வாங்கினாலும் அவர் நுகர்வோர்தான்.

அதே வருஷம் டிசம்பரில் ஒரு சம்பவம். ‘ஸ்டடி ஐ.க்யூ. ஐ.ஏ.எஸ்.’ என்ற நிறுவனத்துக்கு ஆணையம் 7 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. அந்த நிறுவனம் தன் சலுகைத் திட்டங்களுக்கு வைத்திருந்த பெயர்கள் என்ன தெரியுமா? ‘சக்ஸஸ் பக்கா’, ‘செலக்‌ஷன் பக்கா’! வெற்றி நிச்சயம், தேர்வு நிச்சயம் என்று அர்த்தம். ‘பக்கா’ என்ற சொல்லுக்கு ஆதாரம் கேட்டார்கள். ஆதாரம் கொடுக்க முடியவில்லை. எப்படி முடியும்?

மூன்று எழுத்தின் மயக்கம்

தாளில் மூன்றாவது பெயர் ‘கலெக்டர் ஐ.ஏ.எஸ். அகாடமி’. “இதில் என்ன சார் தப்பு? எல்லோரும் வைக்கிறார்கள்” என்றார் அவர்.

எல்லோரும் வைக்கிறார்கள் என்பது உண்மை. ‘ஐ.ஏ.எஸ்.’ என்ற மூன்று எழுத்து இப்போது பயிற்சி நிலையம் என்பதற்கே ஒரு மறுபெயர் போல ஆகிவிட்டது. ஆனால் 2024 டிசம்பரில் டில்லியில் ஒரு பெயரே வழக்கானது. ‘சுப்ரா ரஞ்சன் ஐ.ஏ.எஸ். ஸ்டடி’ என்ற நிலையத்துக்கு ஆணையம் 2 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. மாணவர்களின் எண்ணிக்கையைப் பற்றிச் செய்த விளம்பரம் ஒரு காரணம். அதோடு, நடத்துகிறவரின் பெயருக்குப் பக்கத்தில் ‘ஐ.ஏ.எஸ்.’ என்று போட்டதையும் ஆணையம் குறிப்பிட்டது. அதைப் பார்க்கிறவர்கள், அவரே ஐ.ஏ.எஸ். அதிகாரி, அல்லது முன்பு அதிகாரியாக இருந்தவர் என்று நினைத்துவிடுவார்கள் என்பது அதன் முடிவு.

இங்கே யோசிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அந்த மூன்று எழுத்தில் பொய் எதுவும் இல்லை. ஐ.ஏ.எஸ். தேர்வுக்குத்தானே பாடம் நடத்துகிறார்கள்? குற்றம் எழுத்தில் இல்லை; அதை வைத்த இடத்தில் இருக்கிறது. ஓர் ஆளின் பெயரை ஒட்டி வைத்தால் அது பட்டம் ஆகிவிடுகிறது. ‘ஐ.ஏ.எஸ். தேர்வுக்கான வகுப்பு’ என்று வைத்தால் அது பாடம். ஒரு சொல்லைச் சேர்த்தால் மெய். அதே சொல்லை விட்டால் மயக்கம்.

நம் வாலிபர் நடத்தப்போவதோ குரூப் 4, குரூப் 2 வகுப்புகள். கலெக்டர் எங்கே வந்தார்?

336 என்ற எண்

பெயரில் எச்சரிக்கையாக இருந்துவிட்டு, பெயருக்குக் கீழே ஓர் எண்ணைப் போட்டுக் கெடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. இதற்கு நம் சென்னையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

சங்கர் ஐ.ஏ.எஸ். அகாடமிக்கு 2024 செப்டம்பரில் ஆணையம் 5 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. 2022-ம் வருஷத்து மத்திய சிவில் சர்வீஸ் தேர்வில் தேர்வான 933 பேரில் 336 பேர் எங்கள் மாணவர்கள் என்பது அதன் விளம்பரம். ஆணையம் விசாரித்தபோது, அந்த 336-ல் 221 பேர் இலவசமாக நடந்த நேர்முகத் தேர்வு வழிகாட்டலுக்கு மட்டும் வந்தவர்கள் என்று தெரிந்தது. அதாவது மூன்றில் இரண்டு பங்கு. விளம்பரத்தில் இதைச் சொல்லவில்லை என்பதுதான் குறை.

இதில் என்ன நடக்கிறது என்று வாசகர்களுக்கு விளங்க வேண்டும். சிவில் சர்வீஸ் தேர்வுக்கு மூன்று படிகள். முதல் படி, முதல்நிலைத் தேர்வு. இரண்டாவது, எழுத்துத் தேர்வு. அதற்கு 1,750 மதிப்பெண். மூன்றாவது, நேர்முகத் தேர்வு. அதற்கு 275 மதிப்பெண். முதல் இரண்டு படியை ஒரு பையன் தன் வீட்டில் படித்தோ, வேறு ஊரில் படித்தோ ஏறிவிடுகிறான். மூன்றாவது படிக்குப் போகுமுன், பேசிப் பழகுவதற்காக நாலைந்து நிலையங்களில் இலவசமாக நடக்கும் மாதிரி நேர்முகத்துக்குப் போய் வருகிறான். அவன் தேர்வானதும், அந்த நாலைந்து பலகைகளிலும் அவன் படம் ஏறிவிடுகிறது!

ஒரே மாப்பிள்ளைக்கு நாலு வீட்டில் மணப்பந்தல் போட்ட கதை இது. அந்த நிலையம் அவனுக்கு உதவி செய்யவில்லை என்று சொல்லவில்லை. செய்த உதவி எவ்வளவு என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டு வருஷம் பாடம் சொன்னதும், இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டதும் ஒரே எண்ணுக்குள் போய்விட்டால், வீட்டில் இருந்து படிக்கிற அப்பா அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

அடித்த பெயர்கள்

இப்போது தாளை மறுபடி எடுத்தோம். ‘உறுதி வெற்றி’யை அவரே அடித்துவிட்டார். ‘முதலிடம்’ என்பதையும் அடித்தார். யாருக்கு முதலிடம், எதில் முதலிடம் என்று கேட்டால் பதில் இல்லை. ‘கலெக்டர்’ போயாயிற்று.

‘தமிழ்நாடு அரசுத் தேர்வுப் பயிற்சி நிலையம்’ என்ற பெயரை அவர் விட மனமில்லாமல் பார்த்தார். கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைப் படிக்கிறவர் அரசாங்கமே நடத்துகிற இலவச நிலையம் என்று நினைத்துக்கொண்டு மாடி ஏறி வருவார். 1950-லேயே இதற்கு ஒரு சட்டம் வந்துவிட்டது. சின்னங்களையும் பெயர்களையும் முறைகேடாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் என்று பெயர். மத்திய அரசு அல்லது மாநில அரசின் ஆதரவு இருப்பதாகத் தோன்றும் பெயரை, அனுமதி இல்லாமல் தொழிலுக்கு வைக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. பக்கத்தில் கோபுரச் சின்னத்தையும் வரைந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

கடைசிப் பெயர் ‘வி.ஏ.ஓ. பயிற்சி மையம்’. இதில் பொய் இல்லை, மிகை இல்லை. ஆனால் வேறொரு குறை. கிராம நிர்வாக அலுவலர் பதவிக்கு முன்பு தனித் தேர்வு நடந்தது. பிறகு அதைக் குரூப் 4-ல் சேர்த்துவிட்டார்கள். 2018 பிப்ரவரியில் நடந்தது அப்படிச் சேர்த்த தேர்வு. தேர்வின் பெயரைத் தன் பெயராக வைத்துக்கொண்டவர், தேர்வு மாறியதும் பலகையை மாற்ற வேண்டும்; இல்லையானால் இல்லாத தேர்வுக்கு ஆள் சேர்க்கிறவர் என்ற பெயர் வரும். தேர்வின் பெயர் பலகையில் இருக்கட்டும். ஆனால் கீழ்வரியில் இருக்கட்டும். கீழ்வரியை மாற்றி எழுதுவது சுலபம்.

அந்தப் பழைய ரசீது

ஐந்தும் போய்விட்டன. வாலிபர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “வெற்றி, உறுதி என்று ஒன்றும் இல்லாவிட்டால் யார் சார் வருவார்கள்? ரோட்டில் போகிறவன் கண்ணை இழுக்க வேண்டாமா?” என்றார்.

இது நியாயமான கவலை. வாடகை கட்ட வேண்டியவர் அவர்; நாம் அல்ல. அதனால் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டோம். “நீங்கள் படித்தபோது எங்கே போனீர்கள்?”

அவர் சிரித்தார். சிரிப்பில் சந்தோஷம் இல்லை. அவரும் ஒரு பயிற்சி நிலையத்தில் படித்தவர்தான். அதன் பெயரிலேயே வெற்றி இருந்தது. அவருடைய அப்பா நெசவாளி. தறியில் நெய்து சேர்த்த பணத்தோடு, அம்மாவின் தோட்டையும் அடகு வைத்துக் கட்டணம் கட்டினார்கள். அவர் நன்றாகத்தான் படித்தார். மூன்று மதிப்பெண்ணில் வாய்ப்புப் போயிற்று.

“பணம் போனது பெரிசில்லை சார். எங்கள் தெருவில் எல்லோருக்கும் நான் அங்கே படித்தது தெரியும். அந்தப் பெயரைச் சொல்லி, ‘அங்கே போயுமா உனக்குக் கிடைக்கவில்லை?’ என்று கேட்டார்கள். அங்கே போனால் கிடைத்துவிடும் என்று பலகையே சொல்கிறதல்லவா? கிடைக்காவிட்டால் நான்தான் சோம்பேறி என்று ஆகிவிட்டது. அப்பாகூட ஒரு நாள் அப்படித்தான் கேட்டார். அந்த ரசீதை இன்னும் வைத்திருக்கிறேன்” என்றார்.

வாசகர்களே, நாம் தேடிய அளவுகோல் இதுதான். பயிற்சிக்கூடத்துக்குப் பெயர் வைக்கிறவர், தேர்வானவனை நினைத்துக்கொண்டு பெயர் வைக்கிறார். தேர்வாகாதவனை நினைத்துக்கொண்டு வைக்க வேண்டும். ஏனென்றால் அவன்தான் அதிகம். 290 பேரில் ஒருவனுக்கு எந்தப் பெயரும் பொருந்தும். மிச்சம் 289 பேருக்கும் பொருந்துகிற பெயர்தான் உண்மையான பெயர்.

சோதித்துப் பார்ப்பது மிகச் சுலபம். ‘நான் இன்ன இடத்தில் படித்தேன், எனக்குக் கிடைக்கவில்லை’ என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். ‘இன்ன இடம்’ என்ற இடத்தில் உங்கள் பெயரைப் போட்டு வாய்விட்டுப் படியுங்கள். ‘நான் உறுதி வெற்றியில் படித்தேன், எனக்குக் கிடைக்கவில்லை’ என்றால் கேட்கிறவர் சிரிப்பார். ஒன்று கூடத்தைப் பார்த்துச் சிரிப்பார். அல்லது பையனைப் பார்த்துச் சிரிப்பார். ‘நான் அனகாபுத்தூர்ப் பயிற்சிக்கூடத்தில் படித்தேன், எனக்குக் கிடைக்கவில்லை’ என்றால் யாரும் சிரிக்க மாட்டார்கள். அடுத்த முறை எப்போது என்றுதான் கேட்பார்கள்.

‘வெற்றி’ என்ற சொல் மங்கலமான சொல்தானே, பிள்ளைக்கு வெற்றிவேல் என்று வைப்பதில்லையா என்று சிலர் கேட்கலாம். வைக்கிறோம். அது ஆசீர்வாதம். ஆசீர்வாதத்துக்கு யாரும் ரசீது கொடுப்பதில்லை. பணம் நடுவில் வந்தவுடன் ஆசீர்வாதம் ஒப்பந்தமாகிவிடுகிறது.

திண்ணையும் தோப்பும்

அந்தக் காலத்துப் பள்ளிக்கூடத்துக்கு நம் முன்னோர் வைத்த பெயர் ‘திண்ணைப் பள்ளிக்கூடம்’. எங்கே நடந்ததோ அதுதான் பெயர். அங்கே படித்தால் என்ன ஆவாய் என்று அந்தப் பெயர் சொல்லவில்லை.

எல்லோரும் பெரிதாக நினைக்கும் ‘அகாடமி’ என்ற சொல்லும் அப்படித்தான். கிரேக்க நாட்டில் ஏதென்ஸ் நகரத்துக்கு வெளியே ஒரு தோப்பு இருந்தது. அகாடெமஸ் என்ற பழங்கதை வீரன் பெயரால் அழைக்கப்பட்ட தோப்பு அது. பிளேட்டோ என்ற தத்துவ ஞானி அங்கே பாடம் சொன்னார். தோப்பின் பெயரே பள்ளியின் பெயராயிற்று. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாக நிலைத்துவிட்ட அந்தப் பெயர், வெறும் ஊர்ப் பெயர்தான்!

நம் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் போட்டித் தேர்வுக்கு இலவச வகுப்பு நடக்கிறது. அதன் பெயர் ‘தன்னார்வப் பயிலும் வட்டம்’. ஆர்வம் உன்னுடையது, பயில வேண்டியவன் நீ, நாங்கள் வட்டமாக உட்கார இடம் தருகிறோம். அரசாங்கம் வைத்த பெயர்களில் இவ்வளவு கச்சிதமாக உண்மை சொல்லும் பெயர் குறைவு.

அனகாபுத்தூர்க்காரர்களுக்கு இது புதிது அல்ல. ஒரு காலத்தில் இங்கே நெய்த ‘ரியல் மெட்ராஸ் கைக்குட்டை’ என்ற கட்டம் போட்ட துணி ஆப்பிரிக்காவில் நைஜீரியா வரை போயிற்று. பெயரில் என்ன இருந்தது? ஊரும் பொருளும் இருந்தன. உடுத்தினால் ராஜா ஆவாய் என்று இல்லை.

வாலிபரின் அப்பாவையும் பார்த்தோம். வயதானவர். தறியை நிறுத்திவிட்டார். மகனுடைய சந்தேகத்தைச் சொன்னோம்.

“துணி விற்கிறவன் எத்தனை முழம் என்று சொல்லலாம். எத்தனை நூல் என்று சொல்லலாம். சாயம் போகுமா போகாதா என்று சொல்லலாம். இதைக் கட்டினால் அழகாக இருப்பாய் என்று சொல்லக் கூடாது தம்பி. அது கட்டுகிறவள் சமாசாரம்” என்றார்.

பலகை எழுதியாயிற்று

அவர் சொன்னதை வைத்துக்கொண்டே பலகையை முடித்தோம். முழத்தைச் சொல்வது, அழகைச் சொல்லாமலிருப்பது.

பெரிய எழுத்தில், தமிழில், ‘அனகாபுத்தூர்ப் போட்டித் தேர்வுப் பயிற்சிக்கூடம்’. நெசவு செய்கிற இடம் தறிக்கூடம். பயிற்சி செய்கிற இடம் பயிற்சிக்கூடம். ஊர்க்காரர்களுக்குச் சொல் புதிது அல்ல. அதன் கீழே சிறிய எழுத்தில், ‘குரூப் 4, குரூப் 2 வகுப்புகள்’. அதற்கும் கீழே, காலை எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, மாலை எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, மொத்தம் எத்தனை மாதம், வாரம் எத்தனை மாதிரித் தேர்வு, கட்டணம் எவ்வளவு, நடுவில் நின்றால் எவ்வளவு திருப்பித் தரப்படும். இவை அனைத்தும் அவர் கையில் உள்ளவை. ஒன்று தவறினாலும் அவரைப் பிடித்துக் கேட்கலாம். கேட்கக்கூடியதை மட்டும் பலகையில் எழுதுகிறவரை நம்பலாம் அல்லவா?

இதில் ஒரு குறையும் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஊர்ப் பெயரும் தொழில் பெயரும் மட்டும் சேர்ந்த பெயரை யாரும் தனக்கே சொந்தம் என்று சுலபமாகப் பதிவு செய்துகொள்ள முடியாது. பொருளை விவரிக்கும் சொற்களை வியாபாரச் சின்னமாகப் பதிவு செய்வதற்குச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. பல வருஷம் நடத்தி, ஜனங்கள் மத்தியில் இன்னாருடையது என்று பெயர் ஊன்றிய பிறகு வழி பிறக்கலாம். நாளைக்கே அடுத்த தெருவில் இன்னொருவர் இதே மாதிரி ஒரு பெயர் வைத்தால், தடுப்பது கஷ்டம். வேண்டுமானால் முன்னால் ஒரு தனிச்சொல் சேர்த்துக்கொள்ளலாம். வாலிபர் ‘பாவு’ என்ற சொல்லைச் சொன்னார். தறியில் நீளவாட்டில் ஓடும் நூல் அது. பாவு இருந்தால் மட்டும் துணி ஆகிவிடாது. ஊடை நூலை ஓட்ட வேண்டியவன் தறியில் உட்கார்ந்திருப்பவன். இந்தச் சொல் நமக்கு மிகவும் பிடித்திருந்தது. அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

பிள்ளைகளைச் சேர்க்கப் போகும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பலகையில் ஓர் எண்ணைப் பார்த்தால் மூன்று கேள்வி கேளுங்கள். இத்தனை பேர் எந்தத் தேர்வில், எந்த வருஷத்தில் தேர்வானார்கள்? அவர்கள் இங்கே எந்த வகுப்பில், எத்தனை மாதம் படித்தார்கள்? அந்த வருஷம் இங்கே சேர்ந்தவர்கள் மொத்தம் எத்தனை பேர்? மூன்றாவது கேள்விக்குத்தான் அநேகமாகப் பதில் வராது. பத்துப் பேர் தேர்வானார்கள் என்பது முப்பது பேரில் பத்தா, மூவாயிரம் பேரில் பத்தா என்று தெரியாமல் அந்தப் பத்துக்கு அர்த்தமே இல்லை. ஏமாந்துவிட்டதாகத் தோன்றினால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

பலகை எழுதுகிறவர் நேற்று வேலையைத் தொடங்கிவிட்டாராம். வாலிபர் தன் பழைய ரசீதை எடுத்து, புதிய ரசீதுப் புத்தகத்தின் அட்டைக்குள் செருகி வைத்திருக்கிறார். ஒவ்வொரு தடவை ரசீது கிழிக்கும்போதும் அது கண்ணில் படும் என்று சொன்னார்.